“நாளை காலை கிளாஸ் இல்லை”: ஒரு டிரைவிங் ஸ்கூல் மெசேஜால் கழிந்த அரை மணி நேரம்

தமிழ்நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளில் அடிக்கடி நடப்பதை ஒரே நிகழ்வாகக் கோத்து இங்கே ஆராய்கிறோம். பள்ளிக்கும் ஆட்களுக்கும் பெயர் இல்லை. தேதிகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை.

நடந்தது என்ன

மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கார் ஓட்டப் பழகுகிறார். கடை நேரம் காலை 9.30 முதல் இரவு 9 மணி வரை. அதனால் காலை 6.30 பேட்ச்தான் அவருக்குத் தோது. பள்ளியில் சேரும்போது பேசியது 20 கிளாஸ், ஒவ்வொன்றும் அரை மணி, ஞாயிறு விடுமுறை. 2025 ஜூன் 2 அன்று எல்.எல்.ஆர். வந்தது. ஜூன் 9, திங்கள் முதல் கிளாஸ். ஒரு நாளும் தவறாமல் போனால் 20வது கிளாஸ் ஜூலை 1, செவ்வாய்க்கிழமை முடியும். ஜூலை 4, வெள்ளிக்கிழமைக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட் ஸ்லாட் எடுத்தாயிற்று. எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும் என்பதால், அந்தக் கணக்கும் சரியாகவே இருந்தது.

ஜூன் 21, சனிக்கிழமையோடு 12 கிளாஸ் முடிந்தது. ஞாயிறு மாலை 4 மணிக்கு, வீட்டில் அவசரம், ஊருக்குப் போகிறேன், ஒரு வாரம் வர முடியாது என்று மாஸ்டர் ஆபீஸுக்குச் சொல்கிறார். ஆபீஸ் வேறு ஒரு மாஸ்டரைப் பிடிக்கிறது. அவருக்குக் காலை 6.30 வேறு கிளாஸ் இருக்கிறது, மாலையில்தான் காலி. செவ்வாய் முதல் காலையிலும் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார். இதெல்லாம் பேசி முடித்து, இரவு 9.40க்கு வாட்ஸாப்பில் இந்த மெசேஜ் போகிறது:

“வணக்கம். நாளை காலை கிளாஸ் இல்லை. மாஸ்டர் ஊருக்குப் போறார். மாலை 6.30க்கு மாத்தியிருக்கோம். புது மாஸ்டர் வருவார், நம்பர் கீழே. வர முடியாதவங்க 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும். இல்லன்னா கிளாஸ் கழிக்கப்படும்.”

அதன் கீழே ஒரு கான்டாக்ட் கார்டு. அதில் இருந்த பெயர் “நியூ மாஸ்டர் 2”. ஆபீஸ் போனில் அவரை அப்படித்தான் சேமித்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பெண் கடை முடிந்து வந்து தூங்கிவிட்டார். திங்கள் விடியற்காலை 5.15க்கு போனை எடுத்துப் பார்க்கிறார். “நாளை காலை கிளாஸ் இல்லை” என்று இருக்கிறது. நாளை என்றால் செவ்வாய் என்று எடுத்துக்கொண்டு, வழக்கம்போல 6.20க்கு பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறார். வண்டி வரவில்லை. 6.40க்கு புது நம்பருக்கு இரண்டு முறை அடிக்கிறார், எடுக்கவில்லை. புது மாஸ்டர் அந்த நேரம் வேறொரு மாணவரோடு வண்டியில் இருந்தார். 7.05க்கு அவர் திருப்பி அழைத்து, “மாலைக்குத்தானேம்மா மாத்தியிருக்கு” என்றபோதுதான் விஷயம் புரிகிறது. 7.20க்கு ஆபீஸுக்கு எழுதுகிறார்: “சார், சாயங்காலம் எனக்குக் கடை. வர முடியாது. வேற நாள் குடுங்க.” 10.15க்குப் பதில் வருகிறது: “24 மணி நேரம் முன்னாடி சொல்லல மேடம். கிளாஸ் போச்சு.”

24 மணி நேரம் எங்கிருந்து எண்ணுவது

புதிய கிளாஸ் திங்கள் மாலை 6.30. அதற்கு 24 மணி நேரம் முன்னால் என்றால் ஞாயிறு மாலை 6.30. மெசேஜ் போனதோ ஞாயிறு இரவு 9.40. கெடு முடிந்து 3 மணி 10 நிமிடம் கழித்துத்தான் கெடு இருக்கிறது என்ற செய்தியே புறப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் மெசேஜை அடுத்த நொடியே பார்த்துப் பதில் போட்டிருந்தாலும் விதிப்படி கிளாஸ் கழிந்துதான் இருக்கும். யாராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையை வைத்து ஒருவரிடமிருந்து பணம் கொடுத்த கிளாஸை எடுத்துக்கொள்வது நியாயமே இல்லை. இதில் நமக்கு இரண்டு கருத்து கிடையாது.

பள்ளி வேண்டுமென்று செய்ததா என்றால், இல்லை. அந்தக் கடைசி இரண்டு வாக்கியங்கள் எல்லா மெசேஜிலும் ஒட்டும் வரிகள். மாணவர் தாமாக லீவு கேட்கும்போது பொருந்துகிற விதியை, பள்ளி தானே நேரத்தை மாற்றும்போதும் அப்படியே ஒட்டியதுதான் கோளாறு. இந்தச் சூழல்கள் இரண்டும் வேறு வேறு. மாணவர் கடைசி நேரத்தில் வராவிட்டால் மாஸ்டருக்கு அந்த அரை மணி வீண், வண்டி சும்மா வந்து போன டீசல் வீண், அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. முன்கூட்டிச் சொல்லும் விதி இந்த நஷ்டத்துக்காக வைத்தது. பள்ளியே கிளாஸை எடுத்துவிட்டு இன்னொரு நேரத்தைக் கொடுக்கும்போது, மாணவர் இன்னும் ஒப்புக்கொள்ளாத நேரத்துக்கு அவரால் நஷ்டம் என்று ஒன்று வராது.

மோட்டார் வாகன விதிகளில் கிளாஸை மாற்ற இத்தனை மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும் என்று எங்கும் இல்லை. அது முழுக்க முழுக்கப் பள்ளியும் மாணவரும் சேரும்போது செய்துகொள்ளும் ஏற்பாடு. அதனால்தான் அதைச் சேரும் நாளிலேயே ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பது முக்கியம். முதல் தடவையாக ஞாயிறு இரவு மெசேஜில் படிக்கும் விதியை “நீங்கள் ஒப்புக்கொண்டது” என்று சொல்ல முடியாது.

விதியை “24 மணி நேரம்” என்று வைப்பதிலும் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. காலை 6.30 கிளாஸுக்கு 24 மணி நேரம் முன்னால் என்றால் முந்தின நாள் காலை 6.30. ஆபீஸ் திறப்பது 10 மணிக்கு. திங்கள் கிளாஸ் என்றால் ஞாயிறு காலை 6.30, அன்று ஆபீஸே கிடையாது. மாணவர் 6.35க்கு அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் ஒரு கிளாஸ் போகும், ஆனால் அந்த மெசேஜை ஆபீஸில் யாரும் 10 மணிக்கு முன்னால் பார்க்கப்போவதே இல்லை. கடிகாரத்தை வைத்து ஒரே கெடு சொல்வது நல்லது: “காலை கிளாஸை மாற்ற வேண்டுமானால் முந்தின வேலை நாள் மாலை 6 மணிக்குள் சொல்லவும். திங்கள் கிளாஸுக்குச் சனி மாலை 6 மணி.” மாலை 6 என்று வைத்தால், ஆபீஸ் பூட்டுவதற்குள் அந்த இடத்தை இன்னொரு மாணவருக்குக் கொடுக்க இரண்டு மணி நேரமாவது இருக்கும். மாணவருக்கும் கழித்தல் கூட்டல் போட வேண்டியதில்லை.

கட்டணம் கழியலாம், ஓட்டிய நேரம் கழியாது

ஆபீஸ் எழுதிய “கிளாஸ் போச்சு” என்ற வார்த்தைக்குள் இன்னொரு தவறு ஒளிந்திருக்கிறது. இதைப் பள்ளிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989ன் 31வது விதிப்படி, சொந்த உபயோக வண்டிகளுக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. மாணவர் உண்மையில் வண்டி ஓட்டிய நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. 20 கிளாஸை அரை அரை மணியாகப் பிரித்தால் சரியாக 10 மணி. ஜூன் 9 முதல் ஜூலை 1 வரை எண்ணினால் 23 நாள். ஆக நாள் கணக்கில் இரண்டு நாள் கையிருப்பு இருக்கிறது, மணிக் கணக்கில் ஒரு நிமிடம்கூட இல்லை.

இந்தப் பெண் ஓட்டியது 12 கிளாஸ், அதாவது 6 மணி. மீதி 8 கிளாஸ், 4 மணி. 13வதைக் கழித்துவிட்டால் மொத்தம் 9 மணி 30 நிமிடம்தான் வரும். பாடம் முடித்த மாணவருக்குப் பள்ளி ஃபார்ம் 5 என்ற சான்றிதழ் கொடுக்க வேண்டும். 9.30 மணி நேரம் ஓட்டியவருக்கு அதை எப்படிக் கொடுப்பது?

இங்கேதான் ஃபார்ம் 15 குறுக்கே வருகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் அவர் ஓட்டிய மணி நேரத்தைக் காட்டும் பதிவேடு அது. தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினார், எந்த வகை வண்டி, பயிற்சியாளர் கையெழுத்து, மாணவர் கையெழுத்து என்று வரிசையாக இருக்கும். ஜூன் 23 அன்று இந்தப் பெண் வண்டியில் ஏறவே இல்லை. அந்த வரியை நிரப்பி அவரிடம் கையெழுத்து வாங்கினால் அது பொய்ப் பதிவு. நிரப்பாமல் விட்டால் 10 மணி ஆகாது. “கழிக்கப்படும்” என்ற விதியை எழுதிய ஆபீஸ் இந்தப் பதிவேட்டை நினைத்துப் பார்க்கவில்லை.

ஆகவே விதி இரண்டாகப் பிரிய வேண்டும். மாணவர் தாமாக, கெடு தாண்டி, வராமல் போனால் அந்தக் கிளாஸின் கட்டணம் போகலாம். ஆனால் ஓட்ட வேண்டிய அரை மணி அவர் கணக்கில் அப்படியே நிற்கும். அதைத் தனிக் கட்டணத்துக்கு இன்னொரு நாள் கொடுத்தாக வேண்டும். அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளி தானே மாற்றினால் கட்டணமும் கழியாது, நேரமும் கழியாது.

நம் நிகழ்வில் இதற்கு இடம் இருந்தது. ஜூலை 1க்கும் ஜூலை 4க்கும் நடுவில் புதன், வியாழன் என்று இரண்டு காலைகள் காலி. 13வது கிளாஸை ஜூலை 2, புதன் காலை 6.30க்கு வைத்திருந்தால் 10 மணியும் முடிந்திருக்கும், டெஸ்டும் தள்ளிப்போயிருக்காது. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும் என்பதால் அதற்கு ஆபத்தில்லை. நெருக்கடி டெஸ்ட் ஸ்லாட்டுக்குத்தான். கிளாஸை நகர்த்தும் முன் மாணவரின் டெஸ்ட் தேதியைப் பார்க்கும் பழக்கம் ஆபீஸுக்கு இருந்தால் இந்தப் புதன்கிழமை தானாகவே கண்ணில் பட்டிருக்கும். மாணவர் பட்டியலில் எல்.எல்.ஆர். தேதி, டெஸ்ட் தேதி, முடிந்த கிளாஸ் எண் ஆகிய மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் போதும், அதற்குத் தனி சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

“நாளை” என்ற வார்த்தை

வாட்ஸாப்பில் மெசேஜ் போன நேரமும் படித்த நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பி எழுதியதால்தான் அந்தப் பெண் காலையில் வந்து நின்றார். இரவு 9.40க்குப் போன “நாளை”, விடியற்காலை 5.15க்குப் படிக்கும்போது வேறு நாளாகிவிடுகிறது. மெசேஜுக்கு மேலே சின்ன எழுத்தில் நேற்று என்று காட்டத்தான் செய்யும். தூக்கக் கலக்கத்தில் அதை யார் பார்க்கிறார்கள்? கிளாஸ் மாற்றும் மெசேஜில் இன்று, நாளை, அடுத்த வாரம் என்ற வார்த்தைகளே வேண்டாம். தேதி, கிழமை, காலையா மாலையா, மணி என்ற நான்கும் சேர்ந்தே வர வேண்டும். தேதியும் கிழமையும் சேர்ந்து வருவதில் ஒரு லாபம் இருக்கிறது: எழுதுபவர் ஒன்றைத் தப்பாகப் போட்டால், இரண்டும் ஒத்துப்போகாததைப் பார்த்து மாணவரே “சார், 24 செவ்வாயாச்சே” என்று கேட்டுவிடுவார்.

ரத்தாவது எது என்பதையும் புதிய நேரம் எது என்பதையும் தனித்தனி வரியில் எழுத வேண்டும். பழைய மெசேஜில் இன்னொரு குழப்பமும் இருந்தது. மாலைக்கு மாற்றியது திங்கள் ஒரு நாளைக்கா, இனி எல்லா நாளுமா? செவ்வாய் காலை கிளாஸ் உண்டா? புது மாஸ்டர் எதுவரை? மாணவர் கேட்கப்போகும் அடுத்த கேள்வி எப்போதும் இதுதான். மாறாதது எது என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஆபீஸுக்கு வரும் போன்கள் பாதியாகக் குறையும்.

மெசேஜ் எப்படிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பல பள்ளிகள் ஒரு பேட்ச் முழுவதற்கும் பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்புகின்றன. பள்ளியின் நம்பரைத் தன் போனில் சேமித்து வைக்காத மாணவருக்கு அந்த பிராட்காஸ்ட் போய்ச் சேராது. அனுப்பியவர் திரையில் எல்லாருக்கும் போனது போலத்தான் தோன்றும். சேரும் நாளிலேயே மாணவரின் போனை வாங்கி, பள்ளி நம்பரை அங்கேயே சேமிக்கச் சொல்வது நல்ல பழக்கம். பள்ளி மெசேஜைத் தப்பாக அனுப்பிவிட்டால் அதை அழித்துவிட்டு வேறு போடக் கூடாது. முதலாவதைப் படித்தவர் இரண்டாவதைப் படிக்காமலே போகலாம். “திருத்தம்” என்று தலையில் போட்டு முழு மெசேஜையும் மறுபடி அனுப்புவதுதான் சரி.

நீல டிக் வந்துவிட்டது என்பதை வைத்து மாணவர் ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. படித்தார் என்பதுதான் அதற்குப் பொருள். அடுத்த 12 மணி நேரத்துக்குள் வரும் கிளாஸை மாற்றினால் மெசேஜ் மட்டும் போதாது, போன் போட்டே ஆக வேண்டும். அதுவும் மறுநாள் 5.30 பேட்ச் முதல் வரிசையாக. இந்த நிகழ்வில் மாஸ்டர் சொன்னது மாலை 4 மணிக்கு. மாற்று ஏற்பாடு முடியும் வரை காத்திருக்காமல், “ஜூன் 23, திங்கள் காலை கிளாஸ் இல்லை, பதில் நேரம் பிறகு சொல்கிறோம்” என்று 4.15க்கே ஒரு வரி போயிருந்தால் யாரும் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்க மாட்டார்கள். ரத்துச் செய்தி ஒன்று, மாற்று நேரச் செய்தி ஒன்று என்று இரண்டாகப் பிரித்து அனுப்புவதில் எந்தக் குறையும் இல்லை.

புது மாஸ்டரின் நம்பர்

நம்பரைக் கொடுத்துவிட்டால் தொடர்பு கொடுத்தாயிற்று என்று ஆபீஸ் நினைக்கிறது. ஆனால் அந்த நம்பர் தேவைப்படும் நேரம் எது என்று பாருங்கள். கிளாஸுக்குப் பத்து நிமிடம் முன்னாலும், வண்டி வராத பத்து நிமிடத்திலும்தான். அந்த நேரத்தில் மாஸ்டர் இன்னொரு மாணவரின் பக்கத்தில், தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் போனை எடுக்கவே கூடாது. எடுக்கிறார் என்றால் ஓட்டிக்கொண்டிருக்கும் மாணவருக்கு அது ஆபத்து. எனவே மாஸ்டர் நம்பரோடு, கிளாஸ் நேரத்தில் எடுக்கும் இன்னொரு நம்பரும் அவசியம். முதல் பேட்ச் 5.30க்குத் தொடங்குகிறது என்றால் அந்த ஆபீஸ் மொபைல் யாராவது ஒருவர் கையில் 5.15 முதல் இருக்க வேண்டும். 10 மணிக்குத் திறக்கும் ஆபீஸின் லேண்ட்லைன் காலை பேட்ச் மாணவருக்கு உதவாது.

மாஸ்டரின் முழுப் பெயரை எழுத வேண்டும். அதே மத்திய மோட்டார் வாகன விதிகளின் 27வது விதிப்படி பள்ளி தன் லைசென்ஸையும், வேலை பார்க்கும் பயிற்சியாளர்களின் பெயர், முகவரியையும் ஆபீஸில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். மெசேஜில் வந்த பெயர் அந்தப் பலகையில் இருக்கிறதா என்று மாணவர் சரிபார்க்கலாம். “நியூ மாஸ்டர் 2” என்று வந்தால் எதைச் சரிபார்ப்பது? பலகையில் இல்லாத ஆளை ஒரு வாரத்துக்கு என்று அனுப்பும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை ஏற்கக் கூடாது. பயிற்சியாளருக்குப் படிப்புத் தகுதி, ஐந்து வருட ஓட்டிய அனுபவம் என்று விதி வைத்திருப்பதே, கற்றுக்கொள்பவர் தப்புச் செய்யும் நொடியில் பக்கத்தில் இருப்பவர் வண்டியை நிறுத்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். வண்டியை மாற்றினால் அதிலும் பயிற்சியாளர் பக்கம் பிரேக், கிளட்ச் இருக்கிறதா என்று ஏறும்போதே பார்க்கலாம்.

நம்பரை மெசேஜுக்குள் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள், கான்டாக்ட் கார்டை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண போன் வைத்திருக்கும் வீட்டுப் பெரியவருக்கு மாணவர் அந்த நம்பரை வாசித்துச் சொல்ல வேண்டி வரலாம். அனுப்பும் முன் அந்த எழுத்தின் மேலேயே தொட்டு ஒரு முறை அழைத்துப் பார்த்தால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருப்பது அங்கேயே தெரிந்துவிடும்.

பாதுகாப்புப் பக்கமும் ஒன்று உண்டு. புது மாஸ்டர் தன் நம்பரிலிருந்து மாணவரை முதலில் அழைத்து “நான்தான் இனிமே” என்று சொல்வது சரியான வரிசை அல்ல. முதல் செய்தி, மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்த பள்ளி நம்பரிலிருந்துதான் வர வேண்டும். இந்த வரிசை பழகிவிட்டால், முன்பின் தெரியாத நம்பரிலிருந்து “புது மாஸ்டர் பேசறேன், மீதிப் பணத்தை இந்த நம்பருக்கு ஜிபே பண்ணுங்க” என்றோ, “டெஸ்ட் தேதி மாத்தணும், உங்களுக்கு வந்த ஓ.டி.பி. சொல்லுங்க” என்றோ வந்தால் மாணவருக்கு உடனே சந்தேகம் தட்டும். லைசென்ஸ் வேலைகளுக்கான அரசு இணையதளமான சாரதியில் ஸ்லாட் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு ஓ.டி.பி. மாணவரின் போனுக்குத்தான் வரும். அதை மாஸ்டரிடம் போனில் சொல்ல எந்தத் தேவையும் இல்லை. மாணவரின் நம்பரும் வீடும் பேட்ச் குரூப்பில் போகக் கூடாது, புது மாஸ்டருக்கு மட்டும் தனியாகப் போக வேண்டும். பெண் மாணவர் பெண் பயிற்சியாளரைக் கேட்டுச் சேர்ந்திருந்தால், மாற்றும் முன் அவரிடம் கேட்டாக வேண்டும்.

மாஸ்டருக்குப் போக வேண்டிய செய்தி

மாணவருக்கு ஒரு மெசேஜ் போனது. புது மாஸ்டருக்கு என்ன போனது? இந்த நிகழ்வில் மாணவர் பெயரும் நேரமும் மட்டும். செவ்வாய் காலை அவர் வந்தபோது அந்தப் பெண் எதுவரை பழகியிருக்கிறார் என்று தெரியவில்லை. “ஸ்டியரிங் இப்படிப் பிடிங்க” என்று முதலிலிருந்து தொடங்கினார். அரை மணியில் பத்து நிமிடம் அதில் போனது.

அதைவிடப் பெரிய வித்தியாசம் வண்டியில் இருந்தது. அவர் 12 கிளாஸ் ஓட்டியது ஒரு பழைய கார். அதில் கிளட்ச் பெடல் மேலே வந்த பிறகுதான் வண்டி இழுக்கத் தொடங்கும். புது வண்டியில் பாதி வருவதற்குள்ளேயே பிடித்துவிடும். பழகிய கால் பழைய இடம் வரை வேகமாக விடுகிறது. வண்டி குலுங்கி ஆஃப் ஆகிறது. மூன்று முறை ஆஃப் ஆனதும் பின்னாலிருந்து ஹார்ன், அவசரம், இன்னும் வேகமாகக் கிளட்ச். மாணவர் தனக்கு ஓட்டவே வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். புது மாஸ்டர் இவர் இன்னும் ஹாஃப் கிளட்ச் பழகவில்லை என்று நினைக்கிறார். இரண்டு பேர் நினைப்பதும் தப்பு.

வண்டி மாறிய நாளில் முதல் ஐந்து நிமிடத்தை இதற்கென்று ஒதுக்க வேண்டும். சமதளத்தில், கூட்டம் இல்லாத தெருவில் நிறுத்தி, சீட்டையும் கண்ணாடியையும் சரிசெய்துகொண்டு, முதல் கியரில் ஆக்ஸிலரேட்டர் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விட்டு, வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்கி எஞ்சின் சத்தம் கனக்கும் இடத்தில் காலை நிறுத்தச் சொல்லுங்கள். மறுபடி முழுவதும் மிதித்து, மறுபடி அதே இடம். ஐந்தாறு முறை செய்தால் கால் புது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும் பயிற்சியை அன்றைக்கு வைக்க வேண்டாம்.

இதற்குப் பழைய மாஸ்டரிடமிருந்து மூன்று வரி போதும்: எத்தனை கிளாஸ் முடிந்தது, எதுவரை வந்திருக்கிறார், எதில் தடுமாறுகிறார். “12 முடிந்தது. மூன்றாவது கியர் வரை போகிறார், இடது திருப்பம் நன்றாக வருகிறது. ரிவர்ஸ் ஆரம்பிக்கவில்லை. நிறுத்தும்போது கிளட்சை முன்னாலேயே மிதிக்கிறார்.” ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பவர்கூட இதை வாய்ஸ் மெசேஜாக அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

மெசேஜ் இப்படிப் போயிருக்கலாம்

ஞாயிறு மாலைக்குள் போயிருக்க வேண்டிய முழு மெசேஜ் இது. வெற்று இடங்களில் பள்ளி தன் விவரங்களை நிரப்பிக்கொள்ளலாம்.

“வணக்கம் மேடம், ____ டிரைவிங் ஸ்கூல்.

ரத்து: ஜூன் 23, திங்கள், காலை 6.30 கிளாஸ் (உங்களுடைய 13வது). மாஸ்டர் அவசர விடுப்பு.

பதில் நேரம்: 1) ஜூன் 23, திங்கள், மாலை 6.30 முதல் 7.00 வரை. 2) ஜூலை 2, புதன், காலை 6.30 முதல் 7.00 வரை. 1 அல்லது 2 என்று பதில் போடுங்கள். இரண்டும் முடியாவிட்டால் ‘வேறு’ என்று போடுங்கள், பேசிக்கொள்ளலாம்.

மாற்றியது நாங்கள், அதனால் உங்கள் கிளாஸ் கழியாது. மாலை நேரம் வேண்டுமென்றால் மட்டும் ஜூன் 23, திங்கள், பகல் 12 மணிக்குள் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் 13வது கிளாஸ் உங்கள் கணக்கில் அப்படியே இருக்கும்.

மாறாதது: ஜூன் 24, செவ்வாய் முதல் காலை 6.30 கிளாஸ் வழக்கம்போல, அதே பஸ் ஸ்டாப்பில். ஜூன் 28, சனி வரை புது மாஸ்டர். ஜூன் 30, திங்கள் முதல் பழைய மாஸ்டர்.

புது மாஸ்டர்: ____ (முழுப் பெயர்), போன் ____. ஆபீஸ் போர்டில் பெயர் இருக்கிறது. கிளாஸ் நடக்கும்போது போன் எடுக்க மாட்டார். வண்டி வராவிட்டால் ஆபீஸ் மொபைல் ____, காலை 5.15 முதல். வண்டி: ____ நிறம், நம்பர் ____. எல்.எல்.ஆர். கையில் இருக்கட்டும். பணம், ஓ.டி.பி. எதுவும் மாஸ்டரிடம் தர வேண்டாம்.”

நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஒவ்வொரு வரியும் அந்தத் திங்கள் காலையில் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது. நீளம் உறுத்தினால் நம்பர், வண்டி விவரங்களை இரண்டாவது மெசேஜாகப் பிரிக்கலாம். ரத்து, பதில் நேரம், கழியாது என்ற மூன்றும் முதல் மெசேஜிலேயே இருக்க வேண்டும். 24 மணி நேர விதி இதில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இது மாணவர் கேட்ட மாற்றம் இல்லை, அதற்கு இங்கே வேலையே இல்லை.

விடியற்காலை 5 மணிக்கு மாஸ்டருக்குக் காய்ச்சல் என்றால், அல்லது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், இந்த மெசேஜ் எழுத நேரம் இருக்காது. அப்போது முதல் இரண்டு பேட்ச் மாணவர்களுக்கு போன், ஒரே வாக்கியம்: இன்று வண்டி வராது, கிளாஸ் கழியாது, 10 மணிக்கு மேல் கூப்பிடுகிறோம். கிளம்பிவிட்ட ஒருவரிடம் போனில் பேசும்போது “இன்று” என்று சொல்வதில் குழப்பம் வராது.

மாணவர் என்ன செய்யலாம்

“கிளாஸ் போச்சு” என்று பதில் வந்தால் முதலில் மெசேஜ் வந்த நேரத்தையும் கெடுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். பிறகு ஃபார்ம் 15 பதிவேட்டில் உங்கள் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டாத நாளில் கையெழுத்துப் போடாதீர்கள், “எல்லாத்துக்கும் சேர்த்து கடைசில போட்டுக்கலாம்” என்றாலும் கூட. ஓட்டிய நாளன்றே அந்த வரியில் கையெழுத்து, அவ்வளவுதான். இதைச் சண்டையாகச் செய்ய வேண்டியதில்லை. “சார், 10 மணி நேரம் ஆகணும், எனக்கு 9.30தான் வருது, ஜூலை 2 காலைல குடுங்க” என்று கேட்டால், பதிவேட்டைத் திறந்து பார்க்கிற எந்தப் பள்ளியும் மறுப்பதற்கு இடம் இல்லை. அப்படியும் கொடுக்காமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் சொல்லலாம்.

பழைய மாஸ்டர் ஜூன் 30 அன்று திரும்பும்போதும் ஒரு மெசேஜ் போக வேண்டும்: இன்று முதல் பழைய மாஸ்டர், பழைய வண்டி, கிளட்ச் மறுபடி பழைய இடத்தில் பிடிக்கும். புது மாஸ்டரின் பக்கத்திலிருந்து பழைய மாஸ்டருக்கு அதே மூன்று வரிக் குறிப்பு. புது மாஸ்டர் போனிலிருந்து அந்த மாணவரின் நம்பரும் வீட்டு விவரமும் அன்றைக்கே நீங்க வேண்டும். அவருக்கு அது தேவைப்பட்டது ஐந்து கிளாஸுக்கு மட்டும்.